தாளிப்பு நெடிக்கு இருமுகிற அம்மாவுக்கு கேஸ் வாசனை தெரியவில்லை. என்ன செய்வது?

காட்பாடி மைந்தன்

அம்மாவுக்கு 74 வயது. காட்பாடி காந்திநகரில் தனியாக இருக்கிறார். நான் சென்னையில், தங்கை வாலாஜாவில். போன வாரம் காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் கோலம் போடப் போயிருக்கிறார். பால் பொங்கி வழிந்து பர்னரை அணைத்துவிட்டது. திரும்பி வந்தவர், தானே அணைத்துவிட்டுப் போனதாக நினைத்துப் பாலை இறக்கி வைத்துவிட்டு, குளித்துவிட்டு விளக்கேற்ற உட்கார்ந்திருக்கிறார். நாப் திறந்தே இருந்திருக்கிறது. கீரை கொடுக்க வந்த எதிர்வீட்டு அக்கா வாசற்படியிலேயே நாற்றம் பிடித்து, ஓடி வந்து நாப்பைத் திருகிக் கதவைத் திறந்துவிட்டார். அம்மா அதே வீட்டுக்குள் இருந்தும் ஒன்றும் தெரியவில்லை என்கிறார்.

மூக்கு போய்விட்டதா என்று கேட்டால் கோபப்படுகிறார். பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் எனக்குத்தானே முதலில் இருமல் வருகிறது, மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். அதுவும் உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு 56 கிலோ இருந்தார், இப்போது 51. எதைச் சாப்பிட்டாலும் சப்பென்று இருக்கிறது என்கிறார். சாம்பாரில் உப்பு ஏறிக்கொண்டே போகிறது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுக்கிறார். இதெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்ததா, வேறு வேறா? கேஸ் அலாரம் வாங்கினால் எங்கே மாட்ட வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வாலாஜா வெங்கட்

வயதானால் நாக்கில் இருக்கிற சுவை மொட்டுகள் செத்துப்போகும் தம்பி. அதனால்தான் சப்பென்று இருக்கிறது. துத்தநாகச் சத்து குறைந்தாலும் இப்படி ஆகும். மருந்துக்கடையில் ஜிங்க் மாத்திரை வாங்கிக் கொடுங்கள், வாய்க்கு ருசி வந்துவிடும். அதுவரை உப்பைக் கொஞ்சம் கூடப் போட்டுக்கொள்ளட்டும், சாப்பிடாமல் இருப்பதைவிட அது மேல்.

சத்துவாச்சாரி சாந்தி

தப்பாக நினைக்காதீர்கள், இது மூக்குப் பிரச்சினை மாதிரி எனக்குத் தோன்றவில்லை. தனியாக இருக்கிறவருக்கு யாருக்காகச் சமைக்கத் தோன்றும்? அப்பா போன பிறகு என் அத்தையும் இப்படித்தான் மெலிந்தார். பேரப்பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்ததும் இரண்டு இட்லி நாலாயிற்று. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ளுங்கள்.

பாகாயம் செவிலி

காது மூக்கு தொண்டைப் பிரிவில் பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் அம்மாவின் வாதத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே வாதத்தை எங்கள் வார்டில் எத்தனையோ பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரர்களும் அதை நம்பித்தான் ஏமாந்துபோவார்கள்.

மிளகாய் நெடி வாசனை அல்ல. முகத்தில் தொடு உணர்ச்சி, எரிச்சல், குளிர்ச்சி இவற்றைக் கொண்டுபோகிற நரம்பு ஒன்று இருக்கிறது. மூக்குக்குள்ளும் அதன் கிளை ஓடுகிறது. மிளகாய், வெங்காயம், தைலம், கற்பூரம் எல்லாம் அந்த நரம்பைக் குத்துகின்றன. வாசனையை அறிகிற நரம்பு வேறு. அது மூக்கின் உச்சியில், இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள மெல்லிய எலும்பின் துளைகள் வழியாக மூளைக்குப் போகிறது. வயதில் தேய்கிறது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். முதலாவதும் கொஞ்சம் மங்கும், ஆனாலும் மிளகாய்க்கு இருமும் அளவுக்கு அது இருக்கும். அதனால் ஒருவர் தாளிப்புக்கு இருமுவதை வைத்து கேஸ் நாற்றம் அவருக்குத் தெரியும் என்று சொல்லவே முடியாது. கசிய ஆரம்பிக்கும்போது வருகிற லேசான கேஸ் நாற்றம் குத்தாது, எரியாது. அதைப் பிடிக்க வாசனை நரம்பு மட்டும்தான் இருக்கிறது.

வெங்கட் சார் சொன்னது பாதி சரி. நாக்கின் மொட்டுகளும் வயதில் குறைகின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவை சில வாரங்களுக்கு ஒருமுறை புதிதாக முளைப்பவை, முழுவதும் போய்விடுவது அரிது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு, வாயில் மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிற வாசனை. அது நின்றுபோனால் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு மட்டும் மிஞ்சும். ரசம் வெறும் புளித்தண்ணீர் ஆகிவிடும். அந்தக் குறையை நிரப்பத்தான் கை உப்பு ஜாடிக்குப் போகிறது. ரத்த அழுத்தம் உள்ளவருக்கு அதைக் கூட்டச் சொல்லாதீர்கள் சார்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, காபித்தூள், பெருங்காயம், மல்லிகைப்பூ, நெய், கொத்தமல்லித்தூள் இவற்றை ஒவ்வொன்றாக மூக்கருகில் காட்டுங்கள். ஒரு துவாரத்தை விரலால் மூடி மற்றதில் ஒருமுறை, பிறகு மாற்றி ஒருமுறை. நடுநடுவே காலி டப்பாவையும் காட்டுங்கள், ஊகித்துச் சொல்கிறாரா என்று தெரிந்துவிடும். மிளகு, மிளகாய், தைலம், கற்பூரம், வெங்காயம் வேண்டாம். அவை குத்துகிறவை, விடை தப்பாக வரும். பக்கத்திலேயே தங்கையும் முகர்ந்து பார்க்கட்டும், பழைய தூள் என்றால் அவருக்கும் தெரியாது.

அடுத்தது நாக்குக்கு. ஒரு காபி மிட்டாயை, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் போட்டுச் சப்பச் சொல்லுங்கள். இனிப்பு மட்டும் தெரியும். பிறகு மூக்கை விடச் சொல்லுங்கள். நமக்கெல்லாம் அந்த நொடியில் காபி மணம் வந்து சேரும். அவருக்கு ஒரு மாற்றமும் இல்லை என்றால் குற்றம் நாக்கில் இல்லை.

மேல்விஷாரம் பாய்

எனக்கு 68 வயது. தோல் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸில் இருக்கும்போதே மூக்கைப் பொத்துவார்கள், எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் எனக்கு மூக்கு எப்போதோ போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வேலையை விட்டு வருஷங்கள் ஆன பிறகும் பிரியாணி தம் உடைக்கும்போது மணம் வரவில்லை. நோன்பு திறக்கும் நேரத்தில் கஞ்சியில் எதைப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். இது தோல் வேலையால் வந்ததா, வயதால் வந்ததா, மருத்துவரிடம் போக வேண்டுமா?

பாகாயம் செவிலி

பாய், நாற்றத்துக்குப் பழகிப்போவதும் மூக்கு கெட்டுப்போவதும் ஒன்றல்ல. ஒரே நாற்றத்தில் இருப்பவருக்கு அந்த நாற்றம் மட்டும் உறைக்காமல் போகும். அந்த இடத்தை விட்டு விலகினால் திரும்பி வந்துவிடும். உங்களுக்கு வேலையை விட்டும் வரவில்லை, வேறு மணங்களும் இல்லை என்பதால் பழக்கத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. வயது இருக்கலாம், வேலை இடத்து ரசாயனமும் இருக்கலாம், மூக்குக்குள் சதை வளர்ந்து அடைத்தும் இருக்கலாம். பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. சதை என்றால் மருந்திலோ அறுவையிலோ நிறையப் பேருக்கு மணம் திரும்புகிறது. அதனால் வயது என்று விட்டுவிடாமல் ஒருமுறை மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிலிண்டர் குமார், குடியாத்தம்

கேஸ் ஏஜென்சியில் மெக்கானிக். அலாரம் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

சிலிண்டரில் வருகிற கேஸுக்கு இயற்கையில் மணமே கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற கந்தகச் சரக்கைக் கலந்து அனுப்புகிறார்கள். காற்றில் சுமார் 2 சதவீதம் கேஸ் சேர்ந்தால் பற்றக்கூடிய நிலை. அதில் ஐந்தில் ஒரு பங்கு சேரும்போதே நாற்றம் தெரியும்படி கலக்க வேண்டும் என்பது கணக்கு. அதாவது அந்த முழு ஏற்பாடும் நல்ல மூக்கு உள்ளவரை நம்பிச் செய்தது. அம்மா விஷயத்தில் அந்த எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை.

இந்த கேஸ் காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையில் தண்ணீர் மாதிரி பரவும். பெரிய பர்னரை முழுதாகத் திறந்து பற்ற வைக்காமல் விட்டால் ஒரு மணி நேரத்தில் சுமார் 150 கிராம் வெளியே வரும். கேட்கச் சின்ன அளவுதான், சமையலறை முழுக்கச் சமமாகப் பரவினால் பற்றும் அளவுக்கு வர நேரமாகும். ஆனால் அது சமமாகப் பரவாது. சிலிண்டர் பக்கமும் மேடைக்குக் கீழேயும் தேங்கி, வாசற்படி தாண்டி அடுத்த அறைக்கு ஓடும். பூஜை அறை தரைமட்டத்தில், அடுப்படியை ஒட்டி இருந்தால் நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. விளக்கும் அங்கே தரையில்தானே இருக்கும்.

அதனால் அலாரம் கீழே இருக்க வேண்டும். தரையிலிருந்து ஒரு அடிக்குள், சிலிண்டர் இருக்கும் பக்கச் சுவரில். மேடைக்கு மேலே மாட்டினால் தாளிப்புப் புகைக்குக் கத்தும், கேஸுக்குக் கத்தாது. வீடு துடைக்கும்போது தண்ணீர் தெறிக்காத உயரம் பார்த்துக்கொள்ளுங்கள். கை கழுவும் சானிடைசர், கொசு மருந்து ஸ்பிரே இதற்கெல்லாமும் கத்தும். அது கோளாறு அல்ல, ஆனால் இரண்டு முறை சும்மா கத்தினால் பெரியவர்கள் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள், அதையும் பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கிற சென்சார் காலாவதி ஆகும், தேதி பின்பக்கம் அச்சடித்திருக்கும். நம்ம ஊர் கரண்ட் கட்டுக்கு பேட்டரி உள்ளதாக வாங்குங்கள்.

ராணிப்பேட்டை ரவி

எங்கள் அபார்ட்மென்டில் மாட்ட வந்தவர் கூரைக்கு அருகில்தான் மாட்டினார். கேஸ் மேலே போகும், அதுதான் சரி என்றார். யார் சொல்வது உண்மை?

சிலிண்டர் குமார், குடியாத்தம்

ரவி சார், உங்கள் வீட்டில் குழாயில் வருகிற கேஸா? அது மீத்தேன், காற்றைவிட லேசு, மேலேதான் போகும். அதற்குக் கூரை அருகில் மாட்டியது சரி. சிவப்பு சிலிண்டர் என்றால் தவறு. சிலிண்டரிலிருந்து குழாய்க்கு மாறுகிற வீட்டில் அலாரத்தின் இடத்தையும் வகையையும் சேர்த்து மாற்ற வேண்டும். இதை யாரும் சொல்லாமல் போகிறார்கள்.

ஆம்பூர் பர்வீன்

மைந்தன் அண்ணா, இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை? இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிக் கொடுங்கள். கேஸே வேண்டாம்.

காட்பாடி மைந்தன்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை தங்கையும் நானும் போய் செவிலி அக்கா சொன்ன சோதனையைச் செய்தோம். காபித்தூள், மல்லிகை, நெய் மூன்றும் ஒன்றுமில்லை என்றார். பெருங்காயத்துக்கு ஏதோ இருக்கிற மாதிரி இருக்கிறது என்றார், காலி டப்பாவுக்கும் அதையேதான் சொன்னார். கொத்தமல்லித்தூளும் இல்லை. இரண்டு துவாரத்திலும் ஒரே மாதிரி. காபி மிட்டாயில் மூக்கை விட்ட பிறகும் சர்க்கரைதான் தெரிகிறது என்றார். உப்புத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், எலுமிச்சை மூன்றையும் சரியாகச் சொன்னார்.

பிறகு அம்மாவே பீரோவிலிருந்து தைலத்தை எடுத்து முகர்ந்து, "இது தெரியுது பாரு" என்றார். செவிலி அக்கா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம்தான், பூ வாங்கினால் மணமே இல்லை, இப்போதெல்லாம் கலப்படம் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார்.

பர்வீன், இண்டக்‌ஷனுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். ஈயச் சொம்பில் ரசம் வைக்க முடியாது என்பது ஒன்று, கரண்ட் போனால் என்ன செய்வது என்பது இன்னொன்று.

பாகாயம் செவிலி

அம்மா நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறார். இனி இது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியவை சில உண்டு. எப்போதிலிருந்து என்பது முக்கியம். ஒரு சளிக்காய்ச்சலுக்குப் பிறகு சட்டென்று போனதா, வருடக்கணக்கில் மெல்லத் தேய்ந்ததா, கீழே விழுந்து தலையில் அடிபட்டதா. வயதால் வருவது மெல்ல, இரண்டு பக்கமும் வரும். ஒரு பக்கம் மட்டும் அடைத்து ரத்தம் வந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கை நடுக்கம், நடை மெதுவாவது, தூக்கத்தில் கத்திக் கை கால் வீசுவது இவை சேர்ந்து இருந்தால் அதையும் சொல்லுங்கள், பார்க்கின்சன் நோயில் மற்ற அறிகுறிகளுக்குப் பல வருடம் முன்பே மணம் குறைவது உண்டு. மணம் போன எல்லோருக்கும் அந்த நோய் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை, பயப்படாதீர்கள்.

மாத்திரைச் சீட்டைக் கட்டாயம் கொண்டுபோங்கள். சர்க்கரைக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் சிலருக்கு வாயில் உலோகச் சுவை தரும், பசியையும் குறைக்கும். நெடுநாள் எடுத்தால் பி12 குறையும். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில சுவையைக் கெடுக்கும். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்குள் 56லிருந்து 51 என்றால் கிட்டத்தட்ட 9 சதவீதம். முயற்சி செய்யாமல் 5 சதவீதம் குறைந்தாலே மருத்துவர்கள் காரணம் தேடுவார்கள். மணம் போனதுதான் காரணம் என்று நாமே முடிவு கட்டிவிட்டால் தைராய்டோ, சர்க்கரையோ, வயிற்றுக்குள் வேறு ஏதோ மறைந்துபோகும். சாந்தி அம்மா சொன்னதையும் நான் தள்ளமாட்டேன். மனச்சோர்வும் பசியைக் கொல்லும்.

சத்துவாச்சாரி சாந்தி

நான் அவசரப்பட்டு எழுதியதாகத் தோன்றுகிறது, சோதனையைப் படித்த பிறகு மூக்குதான் என்று புரிகிறது. ஆனாலும் தனியாகச் சாப்பிடுவதும் சேர்ந்திருக்கிறது என்றே இன்னும் நினைக்கிறேன். வாரத்தில் சில நாளாவது எதிர்வீட்டு அக்காவோடு உட்கார்ந்து சாப்பிட வழி இருக்கிறதா பாருங்கள்.

ஆற்காடு சமையல் மாமி

நாற்பது வருஷமாகக் கல்யாணங்களுக்குச் சமைக்கிறேன். எங்கள் மாமியார் கடைசிப் பத்து வருஷம் மணம் தெரியாமல்தான் இருந்தார், அவருக்குச் சமைத்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

மணத்தை நம்பிச் செய்கிற பண்டம் அவருக்கு எடுபடாது. பருப்பு சாதம் நெய், வெண்பொங்கல், குழைந்த கூட்டு எல்லாம் அவருக்கு வாயில் ஒரே களி. நாக்குக்கும் பல்லுக்கும் வேலை இருக்க வேண்டும். சாதத்தோடு மொறுமொறு என்று வறுத்த ஒன்று, கடித்தால் சாறு வருகிற ஒன்று, சூடும் குளிர்ச்சியும் பக்கம் பக்கமாக. உப்பைக் குறைத்துவிட்டுப் புளிப்பைப் பிடித்துக்கொண்டேன். இறக்கின பிறகு எலுமிச்சை பிழிந்தால் போட்ட உப்பு கொஞ்சம் கூடத் தெரியும். இஞ்சியும் மிளகும் சுக்கும் குத்துகிறவை என்று செவிலி அம்மா சொன்னாரே, அது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. அவருக்கு மிளகு ரசம் மட்டும் எப்போதும் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

நம்ம முள்ளுக் கத்தரிக்காயைப் புளியில் எண்ணெய்க் கத்தரிக்காயாகச் செய்து, மேலே வறுத்த வேர்க்கடலையையும் எள்ளையும் பொடித்துத் தூவினால் தொட்டுக்கொள்ளவே இரண்டு கரண்டி கூடச் சாப்பிடுவார். வேர்க்கடலை, எள், முட்டை, தயிர் இவற்றை எப்படியாவது உள்ளே போகச் செய்ய வேண்டும், அரிசி மட்டும் போனால் சதை தேறாது. மூன்று வேளையாகத் தட்டு நிறைய வைத்தால் பார்த்ததும் வேண்டாம் என்பார். ஐந்து தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தேன்.

இன்னொரு ஆபத்து இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. கெட்டுப்போனது தெரியாது. இந்த ஊர் சித்திரை வெயிலில் காலையில் வைத்த சாம்பார் மதியத்துக்கு மேல் தாங்காது. நாமெல்லாம் மூடியைத் திறந்ததும் முகம் சுளிப்போம். மாமியார் ஊசின தேங்காய்ச் சட்னியை வழித்துச் சாப்பிட்டு ராத்திரியெல்லாம் அவதிப்பட்டார். அதிலிருந்து மூக்கை நம்பாமல் கிழமையை நம்பினோம். மாவு, சாம்பார், வெட்டிய தேங்காய் எதை ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மூடியில் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, வைத்த கிழமையை எழுதிவிடுவேன். சாம்பாரும் கூட்டும் மறுநாள் ராத்திரிக்கு மேல் இருந்தால் கேள்வி கேட்காமல் கொட்டிவிட வேண்டும். தேங்காய் சேர்த்தது அன்றைக்கே தீர வேண்டும்.

வாலாஜா வெங்கட்

செவிலி அம்மா, உப்பு விஷயத்தில் நீங்கள் சொன்னது ஏற்கிறேன். ஜிங்க்கை மட்டும் ஏன் ஒதுக்குகிறீர்கள் என்று புரியவில்லை. என் நண்பருக்குக் கொரோனாவுக்குப் பிறகு மணம் போய், ஜிங்க் சாப்பிட்டு, ரோஜா, தைலம் எல்லாம் முகர்ந்து முகர்ந்து திரும்பி வந்துவிட்டது.

பாகாயம் செவிலி

சத்துக் குறைவு இருப்பவருக்கு ஜிங்க் உதவும், இல்லாதவருக்கு உதவும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் உடம்பில் செம்புச் சத்தைக் குறைக்கும். ரத்தத்தில் பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

உங்கள் நண்பர் முகர்ந்தது ஒரு முறையான பயிற்சி. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் ஹம்மல் என்ற மருத்துவரின் குழு 2009-இல் வெளியிட்டது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு நான்கையும் காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் பத்து, இருபது வினாடி கவனமாக முகர வேண்டும், குறைந்தது 12 வாரம். வைரஸ் காய்ச்சலால் போனவர்களுக்கு இதில் பலன் தெரிகிறது, அவர்களில் பலருக்குத் தானாகவும் திரும்புகிறது, அதையும் கணக்கில் வைக்க வேண்டும். வயதால் தேய்ந்தவர்களுக்குப் பலன் குறைவு என்பதே நான் பார்த்தது. முதியவர்களுக்கும் உதவுகிறது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். செலவில்லாதது, தீங்கில்லாதது, அம்மாவுக்கு விருப்பமிருந்தால் செய்யட்டும். யூகலிப்டஸ் குத்துவதை மணம் திரும்பியதாக எண்ணிக்கொண்டு அலாரத்தைக் கழற்றிவிடாமல் இருந்தால் சரி.

காட்பாடி மைந்தன்

மருத்துவரிடம் காட்டினோம். மூக்குக்குள் சதையோ அடைப்போ இல்லை, மெல்லத் தேய்ந்ததாகத்தான் தெரிகிறது என்றார். எடைக்கு ரத்தப் பரிசோதனைகள் எழுதியிருக்கிறார், இன்னும் முடிவு வரவில்லை. மேல் தாடை முழுவதையும் மூடுகிற அம்மாவின் பல்செட் சரியாகப் பொருந்தாமல் உள்ளே புண் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அதுவும் சாப்பாட்டைக் குறைத்திருக்கும் என்கிறார். இது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

குமார் அண்ணா, அலாரம் வாங்கிக் கீழே மாட்டிவிட்டோம். ஆனால் அம்மாவுக்குக் காதும் கொஞ்சம் மந்தம். குளியலறையில் இருந்தால் கேட்குமா? இன்னொன்று, பால் பொங்கினால் தானே கேஸை நிறுத்துகிற அடுப்பு இருக்கிறது என்றார்கள், உண்மையா?

சிலிண்டர் குமார், குடியாத்தம்

உண்மை. பர்னர் பக்கத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு உலோகக் கம்பி நிற்கும். தீ இருந்தால் அது சூடாக இருக்கும், அந்தச் சூடு கேஸ் வால்வைத் திறந்து பிடித்திருக்கும். தீ அணைந்து கம்பி ஆறினால் வால்வு தானே மூடிக்கொள்ளும், ஒரு நிமிடம்கூட ஆகாது. உங்கள் அம்மாவுக்கு நடந்ததற்கு இதுதான் நேரடி மருந்து, அலாரம் இரண்டாவதுதான். ஒரு சிரமம் உண்டு. பற்ற வைக்கும்போது நாப்பை அழுத்திச் சில வினாடி பிடித்திருக்க வேண்டும், மூட்டுவலி உள்ள விரலுக்குக் கஷ்டம். கடையில் அம்மாவையே அழுத்திப் பார்க்கச் சொல்லி வாங்குங்கள். அந்தக் கம்பி மேல் பால் காய்ந்து படிந்தால் தீ பற்றியும் நிற்காமல் அணையும், ஈரத்துணியால் துடைத்தால் சரியாகிவிடும். தீ பற்றாமலேயே நாப் திறந்திருந்தாலும் கேஸ் வராது. ஆனால் ரப்பர் டியூப் கசிந்தால் இது ஒன்றும் செய்யாது. டியூபில் அச்சடித்த தேதியைப் பாருங்கள், ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

சத்தத்துக்கு, அலாரம் அடித்தால் ரெகுலேட்டரைத் தானே அடைக்கிற வகையும், செல்போனுக்குச் செய்தி அனுப்புகிற வகையும் இருக்கின்றன. செய்தி சென்னைக்கு வந்து என்ன பயன், எதிர்வீட்டு அக்கா போனுக்கும் போகும்படி வையுங்கள். அவரிடம் ஒன்று சொல்லிவைக்க வேண்டும். உள்ளே வந்ததும் லைட், ஃபேன், எக்ஸாஸ்ட் எதன் ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, அம்மாவை வெளியே கூட்டிவந்து, தெருவில் நின்றுகொண்டு 1906-க்கு அழைக்க வேண்டும். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

மேல்விஷாரம் பாய்

குமார் தம்பி, எங்கள் வீட்டில் சிலிண்டரை அடுப்படிக்கு வெளியே தாழ்வாரத்தில் வைத்து, சுவரில் துளை போட்டு டியூபை உள்ளே கொண்டுவந்திருக்கிறோம். இது பாதுகாப்புதானே? அலாரம் உள்ளேயா, வெளியேயா?

சிலிண்டர் குமார், குடியாத்தம்

சுவருக்குள் ரப்பர் டியூபா பாய்? அது கூடாது. சுவருக்குள் இருக்கிற பகுதி வெடித்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று யாராலும் பார்க்க முடியாது. செம்பு அல்லது இரும்புக் குழாயைச் சுவருக்குள் விட்டு, இரண்டு முனையிலும் குட்டையாக ரப்பர் டியூப் போட வேண்டும். அதை ஏஜென்சி மெக்கானிக்தான் செய்ய வேண்டும், நீங்களாகச் செய்யாதீர்கள். தாழ்வாரம் திறந்த வெளி என்றால் கேஸ் கலைந்துவிடும், அலாரம் அடுப்படிக்குள் கீழே இருக்கட்டும். அதுவரை ஒவ்வொரு இரவும் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள். டியூபின் இரண்டு முனையிலும் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். கசிவு இருந்தால் குமிழி வரும், அதற்கு மூக்கு தேவையில்லை, கண் போதும்.